திருவாதிரையின் கோபம் ஆவடிக்கு வந்த வழி

“திருவாதிரைன்னா அப்படித்தாம்மா. வாய் முன்னால போயிடும், மனசு பின்னாலதான் வரும். சண்டை போட்டுட்டு அவங்களே உக்காந்து அழுவாங்க.”

ஆவடியிலோ பட்டாபிராமிலோ அண்ணனூரிலோ ஜாதகம் பார்ப்பவரின் முன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும். எதிரே இருக்கும் மருமகளோ மகளோ தலையாட்டுவாள். கூட வந்த அம்மா, “பொறந்ததுலேருந்தே இப்படித்தான் சாமி” என்பாள். அந்தக் கோபம் அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணுடைய சொந்தக் கோபமாக இருக்காது, அவள் நட்சத்திரத்தின் கோபமாகிவிடும். அதற்குக் கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு வருட வயது. வானத்தில் பிறந்து, சம்ஸ்கிருதச் செய்யுளில் ஏறி, பஞ்சாங்கத்தில் அச்சாகி, தினசரி காலண்டரில் தொங்கி, கடைசியில் சி.டி.எச். சாலையை ஒட்டிய ஒரு வீட்டு அடுப்படிக்கு அது வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும்.

மார்கழி மாதம் இரவு எட்டு மணிவாக்கில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். ஊர் வெளிச்சத்தையும் மீறி மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் தனியாக, மங்கிய தணல் நிறத்தில் இருப்பதுதான் திருவாதிரை. வானியலார் பெட்டல்ஜூஸ் என்று சொல்வார்கள். ஆயுள் முடியப்போகிற கிழட்டு நட்சத்திரம், அதனால் உப்பிச் சிவந்திருக்கிறது. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு மங்கி, பிறகு தேறியது.

வேதகால நட்சத்திரப் பட்டியலில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு தெய்வம் உண்டு. இந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு உரியவர் ருத்திரர். புயலும் இடியும் அழுகையும் அவருடையவை. ஜூன் 21, 22 தேதிகளில் சூரியன் திருவாதிரைக்குள் நுழையும் நேரத்தை வைத்துத்தான் இன்றைக்கும் பஞ்சாங்கங்கள் அந்த வருட மழையைக் கணித்துச் சொல்கின்றன. ஆக முதலில் இது பருவத்தின் சீற்றமாக இருந்தது. ஆளின் சுபாவமாகப் பிற்பாடுதான் மாறியது.

மாறியதை நாம் எழுத்தில் பார்ப்பது வராகமிகிரரிடம். ஆறாம் நூற்றாண்டுக்காரர். அவருடைய பிருஹத் ஜாதகத்தில் நட்சத்திர பலனுக்கென்று சின்னதாக ஓர் அத்தியாயம் உண்டு, பதினாறாவது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆளுக்கு ஒரு வரி அல்லது அரை வரி. ரோகிணிக்காரர் சுத்தமானவர், இனிமையாகப் பேசுவார். புனர்பூசத்தார் அடக்கமானவர், கிடைத்தது போதும் என்பார், அடிக்கடி தாகம் எடுக்கும். அனுஷத்தார் வெளியூரில் வாழ்வார், அலைவார், பசி பொறுக்கமாட்டார். கேட்டைக்கு முணுக்கென்று கோபம். விசாகத்துக்குச் சண்டைக்குணம். பூரட்டாதிக்காரர் மனைவி சொல்லைத் தாண்டமாட்டார். திருவாதிரைக்கு விழுந்தது மிகக் கடுமையான வரி: வஞ்சகம், கர்வம், கோபம், நன்றி மறத்தல், பிறரைத் துன்புறுத்தல்.

இந்த வரிகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. ஒன்று, இவை ஆண்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பெண் ஜாதகத்துக்கு அவர் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். இரண்டு, நட்சத்திர பலன் அந்தப் புத்தகத்தில் ஒரு மூலைதான். லக்னம், கிரக நிலை, பார்வை, யோகம் என்று மற்றவையே பெரும்பகுதி. ஆனால் லக்னம் போட நேரமும் கணக்கும் வேண்டும். நட்சத்திரமோ யாருக்கும் வாயில் நிற்கும், கோயில் அர்ச்சனைச் சீட்டில்கூட எழுதுகிற விஷயம். சுலபமாகப் பயணம் போகக்கூடியது எதுவோ அது போனது. பின்னால் வந்த ஜோசியர்கள் அந்த வரிகளைக் கொஞ்சம் மெழுகினார்கள். திருவாதிரை ராகுவின் நட்சத்திரம், அது இருக்கும் மிதுனம் புதனின் வீடு, அதனால் கூர்மையான புத்தி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேச்சு என்றார்கள். அதன் சின்னம் கண்ணீர்த்துளி, அதனால் கோபத்துக்குப் பின்னால் அழுகை என்றார்கள். முன் அறையில் இன்றைக்குக் கேட்கும் வாக்கியம் அப்படித் தயாரானது.

தமிழ்நாட்டில் இந்த நட்சத்திரத்துக்கு முற்றிலும் வேறொரு வாழ்க்கையும் உண்டு. இங்கே அது சிவனுக்குரிய நாள். ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால் வழியில் திருவாலங்காடு வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான். மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய இரவு ஆருத்ரா அபிஷேகம் பார்க்க இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கிளம்பிப் போவது வழக்கம். மறுநாள் வீட்டில் களி. பச்சரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் வாசனை வரும்வரை வறுத்து, ரவையாக உடைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு வெல்லம் கரைத்து வடிகட்டிய நீரில் வேகவிட்டு, நெய்யும் தேங்காயும் ஏலக்காயும் சேர்ப்பார்கள். தொட்டுக்கொள்ள ஏழு காய்க் கூட்டு. பல ஊர்களில் அன்றைக்குச் சுமங்கலிகள் கணவன் நலத்துக்காக நோன்பு இருக்கிறார்கள். ஒரே நட்சத்திரம் ஜாதகத்தில் புருஷனோடு சண்டை போடுகிறது, விரதத்தில் அவனுக்காகப் பட்டினி கிடக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே பெண்ணே செய்கிறாள், யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை.

திருவாதிரையில் பிறந்தவர்களில் வரலாறு நன்றாக அறிந்த இருவர் உண்டு. ஆடித் திருவாதிரையில் பிறந்தவர் ராஜேந்திர சோழன். அவருடைய புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்ததும் அதே திருவாலங்காட்டில்தான். சித்திரைத் திருவாதிரையில் பிறந்தவர் ராமானுஜர். மரபுக் கணக்கில் 1017ஆம் ஆண்டு, ஸ்ரீபெரும்புதூர். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் வருகிற ஊர்.

ராமானுஜரின் இல்லறத்தில் நடந்ததாகக் குருபரம்பரை சொல்லும் சண்டைகளில் பூந்தமல்லிக்காரர் ஒருவருக்கும் இடம் உண்டு. திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர், காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர், பிராமணர் அல்லர். அவரைக் குருவாகவே நினைத்த ராமானுஜர் ஒருநாள் சாப்பிட அழைத்தார். அவர் உண்ட இலையின் மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது ஆசை. அழைத்துவர ஒரு தெரு வழியாக இவர் போக, நம்பி வேறு தெரு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு வேறு சமையல் செய்துகொண்டிருக்கிறாள். இன்னொரு நாள் பசியோடு வந்தவருக்குச் சோறு இல்லை என்று சொல்லி அனுப்பினாள், உள்ளே சோறு இருந்தது. மூன்றாவதாகக் கிணற்றடியில் பெரிய நம்பியின் மனைவி குடத்திலிருந்து இவள் குடத்தில் தண்ணீர் சிந்தியதற்காக வாய்ச்சண்டை. பெரிய நம்பி தம்பதி சொல்லாமல்கூட ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ராமானுஜர் மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுத் துறவு பூண்டார்.

இந்தக் கதையைச் சொன்னவர்கள் அவருடைய நட்சத்திரத்தை நன்றாக அறிந்தவர்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் உற்சவம் எடுப்பவர்கள். ஆனாலும் பிரிவுக்குக் காரணம் திருவாதிரை என்று அவர்கள் சொல்லவில்லை. யார் வீட்டில் யார் சாப்பிடலாம், பசித்து வந்தவனுக்குச் சோறு உண்டா இல்லையா, குடத்தில் யாருடைய தண்ணீர் என்று மூன்று சண்டையையும் நடந்த இடத்தோடும் பொருளோடும் சொன்னார்கள். ஜோசியம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, கணவன் மனைவி சண்டையை நட்சத்திரத்தைத் தொடாமல் விளக்க நம் மரபுக்குத் தெரிந்திருந்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி ஆவடிக்கு வருவோம். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோது அதனோடு குடியிருப்புகளும் வந்தன. ஆந்திரம், கேரளம், வடக்கு என்று பல திசையிலிருந்து குடும்பங்கள் வந்தன. ஒவ்வொருவரும் தங்கள் பொருத்த முறையையும் கொண்டுவந்தார்கள். வடக்கத்தியருக்கு முப்பத்தாறு புள்ளிக் கணக்கு, நமக்குப் பத்துப் பொருத்தம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. பத்தும் நட்சத்திரத்திலிருந்தோ அதன் ராசியிலிருந்தோ எடுப்பவையே. சுபாவத்துக்கு நேராகப் பேசுபவை கணமும் யோனியும். தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம் என்று ஒன்பது ஒன்பதாகப் பிரிப்பார்கள். யோனியில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம்.

ஒரு ஜோடியை வைத்துப் பார்ப்போம். கற்பனை ஜோடிதான், ஆனால் இந்தப் பக்கம் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர்கள். கணவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்ட். பத்து மணிக்கு வேலை முடிந்து, அம்பத்தூரில் ரயில் பிடித்து, திருமுல்லைவாயில், அண்ணனூர் தாண்டி ஆவடியில் இறங்கி வீடு சேரும்போது பதினொன்று. மனைவிக்கு ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை, காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். காதல் கல்யாணம், அப்போது ஜாதகம் பார்க்கவில்லை. சண்டை முற்றிய பிறகு பையனின் அம்மா இருவர் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறாள். பையன் அனுஷம், விருச்சிக ராசி. பெண் திருவாதிரை, மிதுன ராசி.

ஜோசியர் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்குவார். திருவாதிரைக்கு மிருகம் நாய், அனுஷத்துக்கு மான். யோனிப் பகை. பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் பையனுடையது பன்னிரண்டாவது, தினப் பொருத்தம் இல்லை. மிதுனத்திலிருந்து விருச்சிகம் ஆறாவது ராசி, அங்கிருந்து திரும்பி எண்ணினால் எட்டு. இதைத்தான் ஆறு எட்டு என்பார்கள். ரஜ்ஜு தட்டவில்லை, வேதை இல்லை, கணமும் மோசமில்லை, அதனால் உயிருக்கும் தாலிக்கும் பயமில்லை என்று ஆறுதல் சொல்வார். பிறகு சுபாவத்துக்கு வருவார்.

“பையன் அனுஷம். பசி தாங்கமாட்டான். வந்தவுடனே தட்டு போட்டாகணும். வருத்தம் இருந்தா சொல்லமாட்டான், உள்ளயே வச்சுக்குவான், பிரெண்ட்ஸ் கூப்பிட்டா ஓடுவான். பொண்ணு திருவாதிரை. மனசுல ஒண்ணும் வச்சுக்காது, பட்டுனு கேட்டுடும். இவன் வாய் திறக்கமாட்டான், அவ வாய் மூடமாட்டா. அப்புறம் எப்படிம்மா?”

அம்மா வியந்துபோவாள். நேரில் பார்த்ததுபோல் சொல்கிறாரே. ஆனால் பதினொரு மணிக்கு வேலையிலிருந்து வருகிற எந்த மனிதனுக்குத்தான் பசிக்காது? விடிகாலை எழ வேண்டியவளை அந்த நேரத்தில் எழுப்பி ரசம் சுடவைக்கச் சொன்னால் யாருக்குத்தான் வார்த்தை தடிக்காது? 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 46 ஆயிரம். இருபத்தேழால் வகுத்தால் ஒரு நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 12,800 பேர். இந்த ஊரில் மட்டும் அத்தனை அனுஷக்காரர்கள். அவர்களில் பகல் வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வீடு திரும்புபவரின் பசியைப் பற்றி யாரும் ஜோசியரிடம் போய்ப் பேசுவதில்லை. சண்டை நடக்கும் வீடுதான் அந்த அறைக்கு வருகிறது, அதனால் பலன் எப்போதும் பலித்தது போலவே இருக்கிறது.

இந்த ஜோடியில் இன்னொரு சங்கதி. சந்திரன் மனதுக்குக் காரகன் என்பது ஜோசியத்தின் அடிப்படை. அவன் உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் இருக்கும் இரண்டே கால் நாள் சந்திராஷ்டமம், அப்போது மனம் நிலைகொள்ளாது என்பார்கள். தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் பக்கத்திலேயே அன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருக்கும். சிவகாசியில் அச்சாகி ஊரெங்கும் மளிகைக்கடை, நகைக்கடை பெயரோடு வருகிற அந்தத் தாள்தான் இந்த நம்பிக்கையை எல்லார் சுவருக்கும் கொண்டுபோனது. நட்சத்திரக் கணக்கில் உங்கள் நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது வரும் நாள் உங்களுக்கு ஆகாத நாள். அனுஷத்திலிருந்து பதினேழு எண்ணிப் பாருங்கள். கேட்டை, மூலம், பூராடம் என்று போய்த் திருவாதிரையில் நிற்கும். அதாவது மனைவியின் ஜென்ம நட்சத்திர நாள்தான் மாதாமாதம் கணவனுக்குச் சந்திராஷ்டமம். அவள் கோயிலில் தன் பெயருக்கு அர்ச்சனை செய்யும் நாளில் காலண்டர் அவனை வாயடக்கச் சொல்கிறது.

இது தற்செயல் அல்ல, ஆறு எட்டுக்குள் இருக்கும் கணக்கே இதுதான். ஒருவர் ராசி மற்றவருக்கு எட்டாவதாக இருந்தால், சந்திரன் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மற்றவருக்குச் சந்திராஷ்டமமாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பொருத்த விதி வகுத்தவர்கள் இந்த மாதச் சுழற்சியை மனதில் வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். கணக்காக அது அழகாக இருக்கிறது. குடும்பத்தில் அது வேலை செய்யும் விதமும் கவனிக்க வேண்டியது. காலண்டரில் பார்த்துவிட்டு, “இன்னிக்கு அவருக்குச் சந்திராஷ்டமம், எதுவும் கேக்காதே” என்று மாமியார் மருமகளிடம் சொன்னால், அன்றைக்குச் சண்டை தள்ளிப்போகிறது. தள்ளிப்போன சண்டை சில சமயம் ஆறியும் போகிறது. இந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வாயடக்கச் சொல்லும் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒருவர் பக்கமே போகிறது. அவளுக்குச் சந்திராஷ்டமம் வரும் திருவோண நாளில், “இன்னிக்கு அவகிட்ட எதுவும் கேக்காதேடா” என்று மகனிடம் சொல்லும் வீடுகள் எத்தனை?

சரி, அந்தப் பெண் திருவாதிரைதானா? இந்தப் பயணத்தின் முக்கியமான வளைவு இங்கேதான்.

சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் ஒரு நாள், வேகத்தைப் பொறுத்து இருபத்தொரு மணியிலிருந்து இருபத்தேழு மணிவரை ஆகும். ஒரு பாதத்துக்கு ஆறு மணி நேரம். மருத்துவமனைச் சீட்டில் பத்து நிமிடம் முன்னே பின்னே எழுதினாலும் அநேகமாக நட்சத்திரம் மாறாது. மாறுவது பஞ்சாங்கத்தால். தமிழ்நாட்டில் இரண்டு வகை உண்டு. பாம்பு பஞ்சாங்கம் போன்றவை வாக்கியம், பழைய வாய்பாடுகளை வைத்துச் சந்திரனின் இடத்தைச் சொல்பவை. மற்றது திருக்கணிதம், இன்றைய வானியல் கணக்குக்கு ஒத்துப்போவது. கணினியில் எடுக்கும் ஜாதகம் பெரும்பாலும் திருக்கணிதம். இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் நிமிடக் கணக்கிலும் சில நாள் மணிக்கணக்கிலும் வித்தியாசம் வரும். இரண்டு மணி நேரம் வித்தியாசப்படும் ஒரு நாளில் பிறக்கும் குழந்தைகளில் பன்னிரண்டில் ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம் என்று ஆகிவிடும்.

நம் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்குச் சூரிய உதயம் 6.00 மணி. வாக்கியப் பஞ்சாங்கத்தில் அன்றைக்குத் திருவாதிரை 9 நாழிகை 10 விநாழிகை வரை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக 220 நிமிடம், காலை 9.40 மணி. திருக்கணிதத்தில் 4 நாழிகை 35 விநாழிகை, அதாவது காலை 7.50 மணிக்கே முடிந்துவிடுகிறது. குழந்தை பிறந்தது 8.35. தாத்தா கையால் எழுதிய நோட்டில் திருவாதிரை நான்காம் பாதம். கணினித் தாளில் புனர்பூசம் முதல் பாதம்.

புனர்பூசம் என்றால் என்ன ஆகும்? கணம் மனுஷத்திலிருந்து தேவமாக மாறுகிறது, அனுஷமும் தேவ கணம், கணப் பொருத்தம் உத்தமம். மிருகம் பூனை, மானுக்குப் பகை இல்லை. தினம் பதினொன்றாவதாக எண்ணி வருகிறது, பொருந்துகிறது. சுபாவமோ தலைகீழ். கோபக்காரி போய், அடக்கமானவள், கிடைத்தது போதும் என்பவள் வருகிறாள். ஆறு எட்டு மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் ராசி மிதுனம்தான். பெண் மாறவில்லை, அவள் பேச்சு மாறவில்லை. பதினொரு மணி ரசமும் மாறவில்லை.

இதில் ஜோசியத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. அதே இரண்டு ஜாதகத்தில் தசையைப் பாருங்கள். வாக்கியப்படி ராகு தசையில் இருப்பு பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு, அதன்பின் குரு பதினாறு வருடம். ஆகச் சனி தசை தொடங்கும்போது அவளுக்கு வயது பதினாறே முக்கால். திருக்கணிதப்படி குரு தசையில் இருப்பே பதினைந்தரை வருடம், சனி அப்போது தொடங்கிவிடுகிறது. வித்தியாசம் ஒண்ணேகால் வருடம் சொச்சம்தான். வானத்தில் சந்திரன் சிறிதளவே நகர்ந்ததால் தசைக் கணக்கும் சிறிதளவே நகர்கிறது. அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் சந்திரன் போனது ஒரு பாகை, அதாவது நிலவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் சுபாவப் பலன் மட்டும் அந்தக் கோட்டில் கோபத்திலிருந்து சாந்தத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. நல்ல ஜோசியர்கள் எல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நட்சத்திர சுபாவத்தை அழுத்திச் சொல்லாமல் விடுவது இதனால்தான். லக்னத்தையும் ஏழாம் வீட்டையும் சந்திரனோடு சேர்ந்த கிரகங்களையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பார்த்த அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைப் பற்றியும் ஒன்று. இன்றைய திருக்கணிதக் கணக்கில் அது நிற்கும் இடம் மிதுனத்தில் கிட்டத்தட்ட ஐந்து பாகை. திருவாதிரையின் பங்கு தொடங்குவதோ ஆறு பாகை நாற்பது கலையில். அந்த நட்சத்திரமே மிருகசீரிடத்தின் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. வானத்தைச் சமமாக இருபத்தேழு துண்டாக வெட்டியபோது நட்சத்திரங்கள் அந்தக் கோடுகளுக்கு ஏற்ப நகர்ந்து உட்காரவில்லை. எந்தச் சிவப்பைப் பார்த்துக் கோபம் என்றார்களோ, அந்தச் சிவப்பு இல்லாத ஒரு வெற்றுத் துண்டில் சந்திரன் இருந்ததற்காக ஒரு பெண் கோபக்காரி ஆகிறாள்.

ஜாதகத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. வானியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் இருநூறு குழந்தைகளின் ஜாதகத்தைத் திரட்டினார். நூறு பேர் படிப்பில் சிறந்தவர்கள், நூறு பேர் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். இருபத்தேழு ஜோசியர்கள் ஆளுக்கு நாற்பது ஜாதகம் பார்த்து எது யாருடையது என்று சொன்னார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50 வரும். அவர் சோதித்தது புத்தியை, தம்பதி சண்டையை அல்ல. ஆனாலும் அவ்வளவு பெரிய வேறுபாட்டையே கட்டத்தில் காண முடியாதபோது, ஒரு பெண்ணின் பேச்சு நட்சத்திரத்தால் கூர்மையானது என்று எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நட்சத்திரம் பேச்சாக மட்டும் நின்றால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. “நான் திருவாதிரை, உனக்குத் தெரியாதா” என்று சொல்லிச் சிரித்துச் சமாதானமாகும் தம்பதிகள் இருக்கிறார்கள். சண்டைக்கு வெளியே ஒரு காரணம் கிடைத்தால் இருவருமே தோற்காமல் பேச ஆரம்பிக்கலாம். கெடுதல் கல்யாணச் சந்தையில் வருகிறது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது என்று நான்கு நட்சத்திரப் பெண்களைத் தட்டிக்கழிக்கிறார்கள். நான்கும் ராட்சச கணம். பெற்றோர் நொந்துபோய் அடுத்த நட்சத்திரமாக மாற்றி எழுதிய ஜாதகத்தைக் கொடுப்பதும், மாப்பிள்ளை வீட்டார் பிறந்த நேரத்துக்கு மருத்துவமனைச் சீட்டைக் கேட்பதும் இந்தப் பக்கம் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. அதனால் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு சீட்டு இருந்தால், சுபாவம் பற்றிய ஒரு வார்த்தையை நம்புவதற்கு முன் ஜோசியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் பார்ப்பது வாக்கியமா திருக்கணிதமா? நட்சத்திரம் முடிய எத்தனை நாழிகை மிச்சம் இருந்தபோது இந்தக் குழந்தை பிறந்தது? நாழிகை கையில் எண்ணும் அளவுக்குக் குறைவாக இருந்தால் இரண்டு பஞ்சாங்கத்திலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், தொழில் தெரிந்தவர்கள் தாங்களாகவே போட்டுக் காட்டுவார்கள். அந்த ஆவடி ஜோடியின் அம்மா இதைக் கேட்டிருந்தால், மருமகளுக்கு இரண்டு நட்சத்திரம் இருப்பது தெரிந்திருக்கும். அதற்கப்புறம் மகனிடம் பேச மிச்சமிருப்பது இரண்டாம் ஷிப்டைப் பற்றித்தான். அதை முதல் ஷிப்டாக மாற்றிக் கேட்க முடியுமா, முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டை ஹாட்பேக்கில் வைத்துவிட்டு அவள் தூங்கலாமா என்று.